வாட்ஸ்அப்பில் ஒரே ஆள் இரண்டு முறை வருகிறாரா? சேர்ப்பதற்கு முன் நம்பரைப் பாருங்கள்

வாட்ஸ்அப்பைத் திறந்து, தேடும் இடத்தில் 'மாமா' என்று அடித்துப் பாருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள்? உங்களுக்கு ஒரே ஒரு மாமாதான் இருக்கிறார், ஆனால் பட்டியலில் மூன்று மாமாக்கள் நிற்கிறார்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

பெரும்பாலானோர் இதை ஒரு சின்ன எரிச்சலாகத்தான் பார்க்கிறார்கள். எந்த மாமாவுக்கு அனுப்பினால் பதில் வரும் என்று அனுபவத்தில் தெரிந்து வைத்திருப்பார்கள், அதோடு சரி. சிக்கல் எப்போது வரும் என்றால், அந்த மூன்றில் ஒரு நம்பரை மாமா விட்டுவிட்டு, அது வேறு யாருக்கோ போன பிறகு. அல்லது, மாமாவே அல்லாத ஒருவர் "இது என் புது நம்பர்" என்று சொல்லி உங்கள் போனில் நான்காவது மாமாவாக நுழையும்போது.

ஆகவே, ஒரே ஆள் ஏன் இரண்டு முறை வருகிறார், எவற்றைச் சேர்க்கலாம், எவற்றைச் சேர்க்கவே கூடாது என்று பார்ப்போம்.

வாட்ஸ்அப்புக்குப் பெயர் தெரியாது

முதலில் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வாட்ஸ்அப், நம் ஊரில் பலர் 'புலனம்' என்று சொல்வது, உங்கள் மாமாவைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. அதற்குத் தெரிந்தது நாட்டுக் குறியீட்டோடு சேர்ந்த முழு நம்பர் மட்டும்தான். ஒரு நம்பர் என்றால் ஒரு கணக்கு, ஒரு சாட். 'மாமா' என்ற பெயர் உங்கள் கைப்பேசியின் தொடர்பு ஏட்டிலிருந்து, அதாவது கான்டாக்ட்ஸிலிருந்து எடுத்து அதன் மேல் ஒட்டப்படும் லேபிள்.

இதிலிருந்து இரண்டு விதமான 'இரட்டை' உண்டு என்பது தெரியும். ஒன்று, ஒரே நம்பருக்கு இரண்டு கான்டாக்ட் அட்டை இருப்பது. இப்போது சாட் ஒன்றுதான் இருக்கும், ஆனால் புது சாட் தொடங்கும்போதோ, ஒரு படத்தை ஃபார்வர்ட் பண்ணும்போதோ, அதே ஆள் இரண்டு பெயரில் வரலாம். இன்னொன்று, ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர், இரண்டிலும் வாட்ஸ்அப். இங்கே சாட்டே இரண்டு.

முதல் வகையைச் சேர்த்துவிடலாம், பயமில்லை. இரண்டாவது வகையில் கான்டாக்டைச் சேர்த்தாலும் சாட் சேராது. இரண்டு சாட்டை ஒன்றாக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இல்லை. 'Merge' அழுத்திவிட்டு, "இன்னும் இரண்டு தடவை வருதே" என்று திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு உதாரணம்

பினாங்கில் 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஷிஃப்ட் வேலை செய்கிறவரின் போனில் சூப்பர்வைசர், ஃபேக்டரி பஸ் ஓட்டுநர், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் நண்பர்கள், வீட்டு வாடகைக்காரர் என்று நம்பர்கள் குவியும். பலர் சில வருடம் சிங்கப்பூர் போய் வேலை செய்துவிட்டுத் திரும்புவார்கள். போன் மாறும், சிம் மாறும், மலிவான பிளான் வந்தால் நம்பரே மாறும். இரட்டைப் பெயர்கள் வளர இதைவிட நல்ல மண் கிடையாது.

அப்படி ஒருவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட நாளில் வாங்கிய முதல் போனில் மாமாவின் நம்பரை சிம் கார்டில் சேமித்தீர்கள். அப்போது 012 என்று தொடங்கும் உள்ளூர் வடிவத்தில்தான் அடித்திருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் அடிப்பார்கள். உங்கள் வாட்ஸ்அப் கணக்கு மலேசிய நம்பரில் இருந்தவரை பிரச்சினை இல்லை. நாட்டுக் குறியீடு இல்லாத நம்பரைப் பார்த்தால், வாட்ஸ்அப் உங்கள் நாட்டின் நம்பராகவே எடுத்துக்கொள்ளும். முன்னால் உள்ள 0-வை எடுத்துவிட்டு 60 சேர்த்துப் படிக்கும்.

பிறகு சிங்கப்பூர் போனீர்கள். அங்கே ஒரு சிம் வாங்கி, வாட்ஸ்அப்பை +65 நம்பருக்கு மாற்றினீர்கள். இப்போது அதே 012 நம்பரை வாட்ஸ்அப் சிங்கப்பூர் நம்பராக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒரு நம்பர் அங்கே இல்லை. விளைவு, மாமாவின் சாட்டில் பெயர் காணாமல் போய், +60 என்று தொடங்கும் வெறும் நம்பர் நிற்கும். நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்த நம்பரைத் தட்டி, புதிதாக 'மாமா வீடு' என்று சேமிப்பீர்கள். இப்போது ஒரே நம்பருக்கு இரண்டு அட்டை.

ஊருக்குத் திரும்பி மறுபடியும் மலேசிய நம்பருக்கு மாறியதும், பழைய அட்டைக்கும் உயிர் வந்துவிடும். இரண்டு மாமாக்கள்.

மூன்றாவது எப்படி வந்தார்? மாமா ஒருநாள் 011 என்று தொடங்கும் புது நம்பர் எடுத்தார், நீங்கள் 'Mama New' என்று போட்டீர்கள். நான்காவது, அவர் வேலையிடத்தில் பயன்படுத்தும் இன்னொரு நம்பர், 'Mama Kilang'. ஆக மொத்தம் நான்கு அட்டை, மூன்று நம்பர், ஒரே மாமா.

ஒரு நம்பர், நான்கு முகம்

மாமாவின் முதல் நம்பர் உங்கள் போனில் இந்த நான்கு வடிவத்தில் எதிலும் இருக்கலாம்:

```
012-xxx xxxx
+60 12-xxx xxxx
0060 12-xxx xxxx
+60 012-xxx xxxx
```

முதலாவது உள்ளூர் வடிவம். இரண்டாவதுதான் சரியான உலக வடிவம். எந்த நாட்டில் எந்த சிம் போட்டாலும் இது மாறாது. மூன்றாவது வெளிநாட்டிலிருந்து அழைக்க 00 சேர்த்து அடிப்பது. அழைக்க உதவும், ஆனால் எல்லா நாட்டிலும் வேலை செய்யாது, காரணம் வெளிநாட்டு அழைப்புக்கான முன் எண் ஊருக்கு ஊர் மாறும். நான்காவது தப்பு. +60 வந்துவிட்டால் அந்த 0-வுக்கு அங்கே இடமில்லை. சில செயலிகள் இதைத் தாங்களாகவே திருத்திப் படிக்கும், சில கண்டுகொள்ளாது. வாட்ஸ்அப் தன் உதவிப் பக்கத்திலேயே, நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு 0 போடாதீர்கள் என்றுதான் சொல்கிறது.

ஒரே நம்பர்தானா என்று உறுதி செய்ய எளிய வழி, சாட்டைத் திறந்து மேலே உள்ள பெயரைத் தட்டுவது. உள்ளே முழு நம்பர் +60-ஓடு தெரியும். அந்த நம்பரை அட்டையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 012-இலும் 016-இலும் ஒரே கடைசி ஏழு இலக்கத்தோடு இரண்டு வெவ்வேறு ஆட்கள் இருக்கலாம். 011 நம்பர் என்றால், அதற்குப் பிறகு ஏழு அல்ல, எட்டு இலக்கம் வரும். ஒன்று குறைந்தால் அந்த அட்டையே பழுதானது என்று அர்த்தம்.

இடையில் ஒரு விஷயம். "012 என்றால் மேக்சிஸ், 016 என்றால் டிஜி, அதனால் இது மாமா நம்பராக இருக்காது" என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்பரை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி மலேசியாவில் 2008 முதல் உண்டு. முன் எண்ணை வைத்து இப்போது எதையும் ஊகிக்க முடியாது.

நம் பெயர்களால் வரும் தனிச் சிக்கல்

போனில் உள்ள 'சேர்' கருவிகள் எதை வைத்து இரட்டையைக் கண்டுபிடிக்கின்றன? பெயர், நம்பர், இமெயில் ஆகியவற்றை வைத்து. ஐபோன் முக்கியமாகப் பார்ப்பது முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று.

இங்கேதான் நமக்கு இடிக்கிறது. மலேசியத் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அடையாள அட்டையில் 'ஏ/எல்', 'ஏ/பி' போட்டு அப்பா பெயர் வரும். கான்டாக்டில் யார் அதையெல்லாம் அடிக்கிறார்கள்? 'பிரியா' என்று மட்டும் போட்டுச் சேமிப்போம், கடைசிப் பெயர் காலியாக இருக்கும். பள்ளிக்கூடப் பிரியா, யுனிவர்சிட்டி பிரியா, ஃபேக்டரியில் பக்கத்து லைனில் இருக்கும் பிரியா என மூன்று பேரும் கருவியின் கண்ணுக்கு ஒரே பிரியாவாகத் தெரியலாம். யோசிக்காமல் `Merge All` அழுத்தினால் மூன்று நம்பரும் ஒரே அட்டைக்குள் போய்விடும். பிறகு சாட் பட்டியலில் மூன்று சாட்டும் 'பிரியா' என்றே இருக்கும். யாரிடம் எதைச் சொன்னோம் என்று சாட்டைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திறக்காமல் அனுப்பினால்? அதை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான பிரச்சினையும் உண்டு. 'Subramaniam', 'Subra Uncle', 'சுப்பிரமணியம்' மூன்றும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றிலும் வேறு வேறு நம்பர் இருந்தால் எந்தக் கருவிக்கும் தெரியாது. தமிழில் மட்டும் சேமித்தாலும் தப்பிக்க முடியாது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில விசைப்பலகைகள் அதை 'ஸ'-வில் தொடங்கி உருவாக்கும், சில 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'-வில் தொடங்கும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம், ஆனால் கணினிக்கு வேறு வேறு. 'ஸ்ரீதரன்' என்று நீங்கள் தேடியும் ஒருவர் வராமல் போனால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே கருவி காட்டும் பட்டியல் ஒரு ஊகம், அவ்வளவுதான். ஒவ்வொன்றாகத் திறந்து நம்பரைப் பாருங்கள். இருநூறு பேர் இருந்தாலும் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இது. பஸ்ஸில் போகும்போது செய்துவிடலாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு நகல்

சேர்ப்பது எளிது. சேர்த்ததைப் பிரிப்பதுதான் கஷ்டம். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கூகல் கணக்கில் இருந்தால், கணினியில் `contacts.google.com` போய் `Export` அழுத்தி, `vCard` வடிவத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். அதே தளத்தில், அமைப்புகளில் `Undo changes` என்ற ஒரு வசதி இருக்கிறது. கான்டாக்ட் பட்டியலை 30 நாள் வரை பின்னால் கொண்டுபோகும். ஆனால் அது முழுப் பட்டியலையும் பின்னால் இழுக்கும் என்பதை மறக்காதீர்கள். நேற்று ஒரு பத்து பேரைச் சேர்த்துவிட்டு, போன வாரத்துக்குத் திரும்பினால், அந்தப் பத்து பேரும் போய்விடுவார்கள்.

ஐபோனில் ஐகிளவுட் பயன்படுத்துகிறவர்களுக்கு, `icloud.com` தளத்தில் `Data Recovery` பகுதியில் பழைய கான்டாக்ட் பட்டியலை மீட்கும் வழி இருக்கிறது.

இந்த வேலைக்காகத் தனியாக எந்தச் செயலியும் இறக்க வேண்டாம். 'கான்டாக்ட் கிளீனர்' என்று வருபவை முதலில் கேட்பதே உங்கள் முழு தொடர்பு ஏட்டையும் படிக்கும் அனுமதியைத்தான். அதில் உங்கள் நம்பர் மட்டுமா இருக்கிறது? உங்களை நம்பி நம்பர் கொடுத்த எல்லாருடையதும் இருக்கிறது. போனிலேயே உள்ள கருவி போதும்.

சரி, எங்கே போய் அழுத்துவது?

ஆண்ட்ராய்டில் கூகல் `Contacts` செயலியைத் திறந்து, கீழே உள்ள `Organise` பக்கத்துக்குப் போங்கள். அங்கே `Merge & fix` இருக்கும். அதற்குள் இரட்டை என்று அது நினைப்பவை வரிசையாக வரும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து `Merge` அழுத்துங்கள். `Merge all` பக்கம் போகவேண்டாம்.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தக் கருவி உங்கள் கூகல் கணக்கில் உள்ள அட்டைகளை மட்டுமே பார்க்கும். சிம் கார்டில் ஒன்றும் கூகலில் ஒன்றும் இருந்தால் அதன் கண்ணில் படாது. உங்கள் கண்ணில் மட்டும் இரண்டும் படும்! சிம் கார்டு பழைய காலத்துப் பெட்டி. வழக்கமாக 250 பேர் அளவுக்குத்தான் இடம், பெயரும் சின்னதாகத்தான் இருக்க வேண்டும், தமிழில் என்றால் இன்னும் சின்னதாக. பொதுவாக ஒரு பெயருக்கு ஒரு நம்பர்தான். அதனால் இரண்டு நம்பர் உள்ள ஒருவரை சிம்முக்கு மாற்றும்போது இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார். அந்த சிம்மைப் புது போனில் போட்டு மறுபடியும் இறக்கினால் இரட்டை பிறந்துவிடும். ஆகவே சிம்மில் உள்ளதை ஒரே ஒருமுறை கூகல் கணக்குக்கு இறக்கிவிட்டு, எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்து, சிம்மில் உள்ளதை அழித்துவிடுங்கள். அதற்குப் பிறகு `Merge & fix` பார்த்தால், முன்பு காட்டாத இரட்டைகளைக் காட்டும்.

சாம்சுங் போனில் அதன் சொந்த கான்டாக்ட்ஸ் செயலியைப் பயன்படுத்தினால், மெனுவில் `Manage contacts`, அதற்குள் `Merge contacts`. வேலை கிட்டத்தட்ட அதேதான்.

ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல், கான்டாக்ட்ஸ் பட்டியலின் மேலே, உங்கள் சொந்த அட்டைக்குக் கீழே `Duplicates Found` என்று தானாகவே வரும். `View Duplicates` தட்டி ஒவ்வொருவராகப் பாருங்கள். பெயர் வேறாக இருப்பதால் அதில் வராத மாமாவை, அவருடைய அட்டையில் `Edit` போய் `Link Contacts` மூலம் இணைக்கலாம். ஆனால் இணைப்பது வேறு, சேர்ப்பது வேறு. இணைத்தால் இரண்டு அட்டையும் உள்ளே அப்படியே இருக்கும், உங்களுக்கு ஒன்றாகக் காட்டும், அவ்வளவுதான். பிறகு மனம் மாறினால் பிரிக்கலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் இணைப்பதே நல்லது.

சேர்த்த பிறகு அட்டையைத் திறந்து, நம்பரை +60 வடிவத்துக்கு மாற்றுங்கள். 012-யும் +60 12-யும் இரண்டு வரியாக ஒரே அட்டைக்குள் வந்திருக்கும். ஒன்றை அழித்துவிடலாம். பிறகு ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் புது சாட் பொத்தானைத் தட்டி, மேலே மூன்று புள்ளியில் `Refresh` அழுத்துங்கள். ஐபோன் கொஞ்ச நேரத்தில் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

இனி அந்த நான்கு மாமாக்கள்

நம் உதாரணத்துக்கு வருவோம். சிம்மிலிருந்து வந்த 'Mama', சிங்கப்பூரில் சேமித்த 'மாமா வீடு'. இரண்டிலும் ஒரே நம்பர். பேச்சே இல்லை, சேர்த்துவிடலாம். சாட் முன்பும் ஒன்றுதான், இப்போதும் ஒன்றுதான். எதுவும் தொலையாது.

'Mama Kilang' வேறு கதை. அந்த நம்பரும் உயிரோடு இருக்கிறது, அதில் வேலை விஷயம் மட்டும்தான் பேசுவார். ஒருவேளை அந்தப் போனை ஷிஃப்டில் இன்னொருவரும் பார்க்கலாம். அதை மாமாவின் அட்டைக்குள் போட்டால் என்ன ஆகும்? சாட் பட்டியலில் 'மாமா', 'மாமா' என்று ஒரே பெயரில் இரண்டு சாட். சாட் பட்டியலில் எது வீடு, எது வேலை என்று லேபிள் வராது. வீட்டு விஷயம் ஃபேக்டரி போனுக்குப் போய்ச் சேரும். இரண்டு நம்பரும் பயன்பாட்டில் இருந்தால் இரண்டு அட்டையாகவே விடுங்கள், பெயரில் மட்டும் வித்தியாசம் தெரியட்டும். 'மாமா', 'மாமா வேலை'. 2023 அக்டோபரில் இருந்து ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதியும் ஆண்ட்ராய்டில் வந்துவிட்டது. இரண்டு நம்பர் மாமாக்கள் இனி கூடத்தான் செய்வார்கள்.

மிச்சம் இருப்பது 'Mama New'. இதுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது.

புது நம்பர் உண்மையிலேயே மாமாவுடையதா?

முறையாக நம்பர் மாற்றுகிறவர்கள் வாட்ஸ்அப்பிலேயே `Change number` பயன்படுத்துவார்கள். அப்படிச் செய்தால் உங்களோடு இருக்கும் பழைய சாட்டிலேயே, இவர் நம்பரை மாற்றிவிட்டார் என்ற அறிவிப்பு வரலாம். அது வாட்ஸ்அப் போடும் வரி. மாமாவின் கணக்கைக் கையில் வைத்திருப்பவர் செய்த மாற்றம்தான் அது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் புது நம்பரிலிருந்து நேராக ஒரு மெசேஜ், "டேய், மாமாதான், இது புது நம்பர், பழசை அழிச்சிடு" என்று வந்தால்? மாமாவாகவும் இருக்கலாம். உலகம் முழுக்க நடக்கும் ஒரு மோசடியின் முதல் வரியும் இதேதான். நீங்களே அந்த நம்பரை 'மாமா' என்று சேமித்த உடனே, மோசடிக்காரருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அடுத்த மாதம் பணம் கேட்டு வரும் மெசேஜின் மேல் 'மாமா' என்று எழுதியிருக்கும். எழுதியது நீங்கள்.

அதனால் பழைய நம்பருக்கு ஒரு தடவை போன் போடுங்கள். அவர் எடுத்தால் விஷயம் முடிந்தது. எடுக்கவில்லை என்றால் அத்தைக்கோ, மாமாவோடு அடிக்கடி பேசும் வேறு ஒருவருக்கோ போடுங்கள். புது நம்பருக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்பது அடுத்த வழி. "வேலையில் இருக்கேன், பேச முடியாது, மெசேஜ் மட்டும்" என்று வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும்படி கேட்டால், டியூட்நவ் மாற்றத்தின்போது வங்கிச் செயலி காட்டும் பெயரைப் படியுங்கள். அது மாமாவின் முழுப் பெயராக இல்லை என்றால் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டால் உடனே 997-க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் நம்பர். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணம் கைமாறுவதற்குள் தடுக்க அவ்வளவு வாய்ப்பு.

உறுதியாகிவிட்டதா? இப்போது 011 நம்பரை மாமாவின் அட்டையில் போடலாம். பழைய 012 நம்பரை என்ன செய்வது?

பழைய நம்பர் இப்போது யாரிடம்?

டாப்-அப் செய்யாமல் விட்ட பிரீபெய்ட் நம்பர், கொஞ்ச காலம் கழித்து வேறு ஒரு வாடிக்கையாளருக்குப் போகலாம். அவரும் வாட்ஸ்அப் போடுவார். உங்கள் போனில் அந்த நம்பர் இன்னும் மாமாவின் அட்டையில் இருந்தால், முகம் தெரியாத அந்த ஆள் உங்கள் பட்டியலில் 'மாமா' என்றே வருவார். நீங்கள் அனுப்பும் ஐசி படம், வீட்டு முகவரி எல்லாம் அவருக்குப் போகும்.

வாட்ஸ்அப் இதை ஓரளவு சமாளிக்கிறது. பொதுவாக 120 நாள் பயன்படுத்தாத கணக்கை அழித்துவிடுகிறது. 45 நாள் அசையாமல் இருந்த நம்பர் வேறொரு போனில் திடீரென்று விழித்தால், ஆள் மாறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு பழைய கணக்கின் படம், விவரம் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறது. ஆனால் உங்கள் போனில் உள்ள சாட்டையும் நீங்கள் வைத்த பெயரையும் அது தொடாது.

நீங்கள் கவனிக்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. வாட்ஸ்அப் அமைப்புகளில் `Account`, அதற்குள் `Security notifications`. அதை இயக்கி வைத்தால், எதிர்முனையில் ஆள் போனை மாற்றினாலோ, அந்த நம்பரில் வாட்ஸ்அப் புதிதாகப் போடப்பட்டாலோ, பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்று சாட்டில் ஒரு வரி வரும். பெரும்பாலும் அவர் புது போன் வாங்கியிருப்பார், கவலை இல்லை. ஆனால் ஒரு வருடமாகப் பேச்சே இல்லாத பழைய நம்பரில் அந்த வரி வந்தால், அது இனி மாமா இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகப்புப் படம் மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆகவே மாமாவின் அட்டையிலிருந்து 012 நம்பரை எடுத்துவிடுங்கள். அந்த சாட் அழியாது, பெயர் போய் வெறும் நம்பராக நிற்கும். அதில் பழைய படங்களோ, தாத்தா பேசிய வாய்ஸ் மெசேஜோ இருந்தால், அப்படியே `Archive` செய்து வைக்கலாம். வெறும் நம்பரைப் பிறகு எப்படித் தேடுவது என்று யோசிக்கிறீர்களா? அதற்கு மட்டும் தனியாக ஓர் அட்டை போட்டு, 'பழசு, அனுப்பாதே, மாமா' என்று பெயர் வைத்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஃபார்வர்ட் பண்ணும்போது, முதல் சொல்லே கையை நிறுத்தும்.

போனில் சுத்தம், ஆனாலும் வருகிறது?

எல்லாம் செய்த பிறகும் ஒரு பெயர் விடாமல் வந்தால், அது போனில் இல்லாமல் வேறு இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கலாம். 2024 அக்டோபரில் வாட்ஸ்அப், கான்டாக்டைத் தனக்குள்ளேயே சேமித்து வைக்கும் வசதியை அறிவித்தது. ஆபீஸ் கணினியில் வாட்ஸ்அப் வெப் வழியாக நீங்கள் சேர்த்த ஒருவர், போனின் தொடர்பு ஏட்டில் இல்லாமலே பட்டியலில் இருக்கலாம். அந்தப் பெயரை வாட்ஸ்அப்புக்குள் திறந்து, `Edit` போய் அங்கேயே திருத்தவோ அழிக்கவோ வேண்டும். புதிதாகச் சேர்க்கும்போது, போனிலும் சேமிக்கவா என்று கேட்கும் பொத்தானை எப்போதும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் இது திரும்ப வராது.

டெலிகிராமில் இது இன்னும் பழைய கதை. அது உங்கள் கான்டாக்டுகளைத் தன் சர்வரில் வைத்துக்கொள்வதால், போனில் அழித்த பெயர் அங்கே அப்படியே இருக்கும். அதன் தனியுரிமை அமைப்புகளில் `Delete Synced Contacts` அழுத்தி, போனில் உள்ள சுத்தமான பட்டியலோடு மறுபடியும் இணைத்துக்கொள்ளுங்கள். அதுவும் போனில் எல்லாம் சரிசெய்து முடித்த பிறகுதான். முன்னாலேயே செய்தால் பழைய நான்கு மாமாக்களும் மறுபடி ஏறிவிடுவார்கள்.